படுக்கைச் செம்பும் நள்ளிரவு நாவறட்சியும்

நள்ளிரவில் நா உலர்ந்து விழித்துக்கொள்கிறவர்களுக்கு நம்மவர்கள் வழங்கும் உபதேசம் ஒன்றுதான்: படுக்கப் போகுமுன் ஒரு செம்பு ஜலம் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும் என்பது. அதற்கு மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன. இரவில் வாய் உலர்வது சரீரத்தில் நீர் குறைந்ததன் அடையாளம் என்பது முதலாவது; உறங்குமுன் குடித்த நீர் விடியும்வரை கைகொடுக்கும் என்பது இரண்டாவது; நன்மை விளையாவிட்டாலும் தீமை ஒன்றும் விளையாது, இருதயத்துக்குக்கூட அது ஒரு காப்பு என்பது மூன்றாவது. இம்மூன்றில் ஒன்றாவது முழுமையாக நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் நியாயம் தாகத்தையும் நாவறட்சியையும் ஒன்றாக எண்ணிவிடுவதால் பிறந்தது. தாகம் மூளையில் எழுவது. இரத்தத்தில் உப்பின் செறிவு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு ஏறினாலே, அதை அறியும் அணுக்கள் விழித்துக்கொண்டு நம்மை நீர்நிலை தேடச் சொல்கின்றன. நாவறட்சியோ வாயிலேயே பிறந்து வாயிலேயே முடிவது. விழித்திருக்கையில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 0.3 மில்லிலிட்டர் வீதம் ஊறிக்கொண்டிருக்கும் உமிழ்நீர், நித்திரையில் ஏறத்தாழ நின்றே விடுகிறது. இது வியாதியன்று, சுபாவம். அந்த வேளையில் மூக்கு அடைத்துக்கொண்டு வாய்வழியே மூச்சு போய்வருமாயின், எஞ்சியிருக்கும் ஈரத்தையும் காற்று வாரிக்கொண்டு போக, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் நிலை வருகிறது. அவ்வேளையில் இரத்தத்தைச் சோதித்தால் நீர் குறைந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஏனெனில் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வாசோபிரஸின் என்னும் சுரப்பு சிறுநீரகத்துக்குக் கட்டளையிட்டு இரவு நேரத்தில் நீரை மிச்சப்படுத்தி வைக்கிறது. ஆரோக்கியமான ஒருவர் இராப்போஜனத்துக்குப்பின் எட்டு மணி நேரம் நீரின்றி உறங்கிப் பிழைப்பது இந்த ஏற்பாட்டினால்தான்.

வாயை உலர்த்துவதில் மூக்கடைப்புக்கு அடுத்த ஸ்தானம் ஔஷதங்களுக்கு. சளிக்கும் அரிப்புக்கும் விற்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள், நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் ஆகியவை உமிழ்நீரை ஊறச்செய்யும் நரம்பின் குரலையே அடக்கிவிடுகின்றன. இவற்றை உண்பவர் எத்தனை செம்பு குடித்தாலும் உமிழ்நீர் ஊறப்போவதில்லை. விழுங்கிய நீர் வாயை நனைத்துவிட்டுக் கடந்து போய்விடும். உமிழ்நீரிலுள்ள வழுவழுப்பான பொருளோ சவ்வின்மேல் படலமாகத் தங்கி ஈரத்தைக் காக்கும். பின்னதன் வேலையை முன்னது செய்ய இயலாது.

இனி இரண்டாவது நியாயம். சரீரம் நீரைச் சேமித்து வைக்கும் குளம் அன்று. தேவை நிறைந்திருக்கும்போது அரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் குடித்தால், இரத்தம் சற்று நீர்த்தவுடனே வாசோபிரஸின் அடங்கிவிட, அதன் பெரும்பகுதி இரண்டு மூன்று மணி நேரத்தில் மூத்திரமாக வெளிப்பட்டுவிடுகிறது.

ஐம்பத்தெட்டு வயதுக் கணக்குப்பிள்ளை ஒருவரை வைத்துக்கொள்வோம். மார்கழி பிறந்தால் மூக்கடைப்பு; அதற்கு இரவில் ஒரு சளி மாத்திரை. நாவறட்சிக்கு அஞ்சிப் பத்து மணிக்கு அரை லிட்டர் குடித்துவிட்டுப் படுக்கிறார். பன்னிரண்டரைக்கு மூத்திரப்பை அவரை எழுப்புகிறது. எழுந்த பிறகுதான் வாய் உலர்ந்திருப்பது தெரிகிறது. தாகத்தினால் விழித்ததாக எண்ணி இன்னும் ஒரு டம்ளர் குடிக்கிறார். மூன்று மணிக்கு மறுபடியும் அதே கதை. நாளடைவில், அடிக்கடி எழுகிறாரே என்று சிறுநீர் அவசரத்துக்கும் ஒரு மாத்திரை சேர்ந்தால் வாய் இன்னும் உலரும், செம்பு இன்னும் பெரிதாகும். இவருக்கு உதவுவது வேறு: பகலெல்லாம் வேண்டிய அளவு குடித்து, உணவோடும் வழக்கம்போல் அருந்தி, அதன்பின் வாய் நனையும் அளவோடு நிறுத்துவது, வெதுவெதுப்பான உப்புநீரால் மூக்கைத் துப்புரவு செய்துகொண்டு பக்கவாட்டில் சாய்ந்து படுப்பது, சளி மாத்திரைக்கு மாற்று உண்டா என்று வைத்தியரிடம் கேட்பது. தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்துவது கூடாது. குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டார் சொன்னாலோ, பகலில் உட்கார்ந்தபடியே கண் சொக்கினாலோ, உறக்கத்தில் சுவாசம் தடைப்படும் வியாதி உண்டா என்று பார்த்தாக வேண்டும்.

இத்தனையும் சொன்னதால், இரவில் எழுகிற ஒவ்வொரு தாகமும் பொய்த்தாகம் என்று கொண்டுவிடலாகாது. வெயிலில் நாளெல்லாம் வேலை செய்து வியர்த்தவர் மாலையிலும் இரவிலும் குடிப்பது நியாயமே. அவருக்கு நீர் உண்மையிலேயே குறைந்திருக்கிறது, மூத்திரம் சிறுத்து நிறம் அடர்ந்திருப்பதே அதற்குச் சாட்சி. கருவாடும் அப்பளமும் ஊறுகாயுமாக இரவுச் சாப்பாடு முடிந்தால் உப்பு தன் பங்குக்கு நீரைக் கேட்கும். அங்கே திருத்த வேண்டியது இலையில் விழும் உப்பை. மது அருந்தியவரின் வறட்சியோ, வாசோபிரஸினை மது அடக்குவதால், மூத்திரத்தில் நீர் இழந்து உண்டான மெய்யான வறட்சி.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது நீரிழிவு. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகம் அதை முழுவதும் மீட்க இயலாமல் மூத்திரத்தில் விட்டுவிடுகிறது. சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யத்தான் தாகம் எழுகிறது. நீர் குடிப்பதால் மூத்திரம் போகிறது என்று எண்ணிக் குடிப்பதைக் குறைத்தால் இங்கே ஆபத்து. வாய்வழி மூச்சினால் வந்த வறட்சி எழுந்து சிறிது நேரத்தில் தணியும், பகலில் தாகம் இராது, மூத்திரமும் வழக்கமான அளவே இருக்கும். நீரிழிவின் தாகம் பகலிலும் தொடரும். ஒவ்வொரு தடவையும் மூத்திரம் ஏராளமாகப் போகும். பலருக்கு உடல் இளைக்கவும் செய்யும்.

மூன்றாவது நியாயத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படுக்குமுன் குடிக்கும் நீர் மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க பிரமாணம் கிடையாது. தீமை விளையாது என்பதும் சரியன்று. முதியவர் இருட்டில் கழிப்பறைக்கு நடக்கையில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது எங்கும் காணும் விபத்து. பலவீனப்பட்ட இருதயமும் பழுதுபட்ட சிறுநீரகமும் உள்ளவர்களில் பலருக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் நீர் என்று வைத்தியரே அளவு வகுத்திருப்பார். அவர்களுக்கு இந்தப் பொது உபதேசம் பொருந்தவே பொருந்தாது. வறட்சிக்கு அஞ்சி இரவில் மிட்டாயை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் கேடுதான். கழுவிவிட உமிழ்நீர் இல்லாத வாயில் சர்க்கரை தங்கிப் பல்லை அரித்துவிடும். வாய் மிகவும் உலர்கிறவர் ஒரு மடக்கு நீரால் கொப்புளித்துத் துப்பிவிட்டுப் படுக்கலாம். அதற்குச் செம்பு வேண்டாம்.

பகலிலும் தாகம் தீராமல், இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து நிறைய மூத்திரம் போய், உடலும் மெலிகிறவர்கள் தாமதியாமல் வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். 126 அல்லது அதற்கு மேற்பட்டிருந்தால் அன்றே வைத்தியரைப் பார்ப்பது அவசியம்.