நூறு மதிப்பெண் எப்படி வரிசையின் தொடக்கத்துக்குப் போனது?

பிள்ளைகளா, "சோதிச்சுப் பார்த்தேன் சார், சரியாத்தான் வந்தது" என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள். மதிப்பெண்களை ஏறுவரிசையில் அடுக்க ஜாவாஸ்கிரிப்டில் வெறும் `sort()` போட்டால், அது எண்களை எழுத்துகளாக்கி அகராதி போல அடுக்கும்.

```
[72, 100, 9, 85].sort()
// [100, 72, 85, 9]
```

1 என்ற எழுத்து 7-க்கு முந்தியது, அவ்வளவுதான் அதன் கணக்கு. நீங்கள் சோதித்ததெல்லாம் இரண்டிலக்க எண்கள். அவற்றில் இந்தத் தவறு தெரியவே தெரியாது. ஒரு பிள்ளை நூறோ ஒற்றை இலக்கமோ வாங்கினால்தான் குட்டு உடையும். நன்றாகப் படித்ததற்கா தண்டனை?

```
sort((a, b) => a - b)
```

விடை குறை எண் என்றால் a முன்னே, மிகை எண் என்றால் b முன்னே, பூஜ்யம் என்றால் இரண்டும் சமம். சோம்பலில் `a > b` என்று எழுதாதீர்கள். அதிலிருந்து குறை எண் வரவே வராது. மொழியைத் திட்டுவதை விட்டு, ஒரு 9-ஐயும் ஒரு 100-ஐயும் போட்டுச் சோதியுங்கள்.