சிவப்பு அடையாளக் கார்டும் செக்-இன் கவுண்டரும்

புக்கிட் ரோத்தானில் 1955-இல் பிறந்து, பால்மரம் வெட்டியே முதுகு வளைந்த ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். கையில் இன்றும் சிவப்பு அடையாளக் கார்டு. பழனிக்குப் போக ஆசை. குடியுரிமை இல்லை, ஆகவே பாஸ்போர்ட்டும் இல்லை; குடிநுழைவுத் துறை தரும் ‘சர்டிபிகேட் ஆஃப் ஐடென்டிட்டி’ புத்தகம்தான். பேரன் அந்த எண்ணைப் போட்டு இந்திய இ-விசா எடுத்துவிடுகிறான். கே.எல்.ஐ.ஏ. கவுண்டரில் பாட்டியை நிறுத்திவிடுகிறார்கள்.

இ-விசா பாஸ்போர்ட்டுக்கு மட்டுமே; வேறு பயண ஆவணத்துக்குச் செல்லாது. மீறி ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே கவுண்டர் பெண்ணிடம் கத்திப் பயனில்லை. விமானம் புறப்படுமுன் பயணத்தை ரத்து செய்யச் சொல்லுங்கள். ‘வரவில்லை’ என்று பதிந்தால் திரும்பும் டிக்கெட்டும் போகலாம். டிக்கெட் பணம் கிடைக்காவிட்டாலும் விமான நிலையக் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பிறகு இந்தியத் தூதரகம் வழியாகச் சாதாரண விசா, அதுவும் நாள் பிடிக்கும்.

ஆனால் இந்த மண்ணில் பிறந்தவள் ஏன் அந்நியராய் நிற்க வேண்டும்? மெர்டேக்காவுக்கு முன் கூட்டரசில் பிறந்தவர், அரசமைப்பின் 16-ஆவது பிரிவின்படி குடிமகனாகப் பதிந்துகொள்ள உரிமையுள்ளவர். கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டு வசிப்பு, இங்கேயே வாழும் எண்ணம், நன்னடத்தை, ஆரம்ப மலாய், இவ்வளவுதான் நிபந்தனை. 19-ஆவது பிரிவோ அரசு மனம் வைத்தால் தருவது. அதற்கு 12-இல் 10 ஆண்டு வசிப்பும் போதுமான மலாயும் வேண்டும். உரிமையுள்ளவரைப் பிச்சை வரிசையில் நிறுத்தாதீர்கள். பிறப்புப் பத்திரத்தோடு பதிவுத் துறைக்குப் போங்கள். எந்தப் பிரிவின் பாரம் என்று கேளுங்கள். மனு நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.