பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

பழைய கட்டிலை 6,000 ரூபாய்க்கு விற்க ஆன்லைனில் விளம்பரம் கொடுக்கிறார் ஓர் இல்லத்தரசி. சற்று நேரத்தில் போன். நேரில் பார்க்காமல், பேரமும் பேசாமல், “முழுப் பணத்தையும் இப்பவே அனுப்பறேன்மா. லிங்க்கைத் தொட்டு பின் நம்பர் போடுங்க, உங்க அக்கவுன்ட்ல ஏறிடும்” என்கிறார் எதிர்முனையில் இருப்பவர்.

லிங்க்கைத் தொட்டால், அவர் தினமும் பயன்படுத்தும் யு.பி.ஐ. ஆப்தான் திறக்கிறது. அதனால் சந்தேகம் எழுவதில்லை. ஆனால், அந்தத் திரையில் தெரிவது முன்பின் தெரியாத ஒருவரின் பெயர், 6,000 என்ற தொகை, ‘Pay’ என்ற பட்டன். பின் நம்பர் போட்டால் பணம் வராது, போய்விடும்!

யு.பி.ஐ.யில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. நம் மொபைல் எண்ணோ யு.பி.ஐ. ஐ.டி.யோ இருந்தால் போதும், எவரும் அனுப்பலாம். க்யூஆர் கோடை அனுப்பி, ‘ஸ்கேன் செய்தால் பணம் வரும்’ என்பதும் இதே ஏமாற்றுதான்.

‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்று எஸ்.எம்.எஸ். வந்தால் நம்பிவிடாமல், வங்கிக் கணக்கின் இருப்பைப் பாருங்கள்.

ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் தரலாம். மோசடிக்காரர் பணத்தை வெளியே எடுப்பதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும்.