படத்தில் தெரியாத தேங்காய்ப்பால்

பெக்கோக் உணவுக்கடை ஒன்றில் நாசி லெமாக் வாங்கிப் படமெடுத்தால், கைப்பேசிச் செயலி சில நொடிகளில் கலோரிக் கணக்கைச் சொல்லிவிடும். அந்த எண்ணை நான் அப்படியே ஏற்பதில்லை.

செயலி முதலில் உணவு இன்னதென்று அறிகிறது. பின்னர், அதன் எடையை ஊகித்துக் கலோரியைக் கணக்கிடுகிறது. நாசி லெமாக்கை அடையாளம் காண்பது எளிது. நெத்திலியும் வேர்க்கடலையும் காட்டிக்கொடுத்துவிடும். எடையில்தான் சிக்கல். மேலிருந்து எடுத்த படத்தில் சோற்றின் அகலம் தெரியும், உயரம் தெரியாது. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி உண்டு. தட்டில் இருப்பது 200 கிராமா, 300 கிராமா என்ற ஐயமே 130 கலோரி வேறுபாட்டைத் தந்துவிடும். தட்டருகே ஒரு கரண்டியை வைத்துப் பக்கவாட்டிலும் படமெடுத்தால் இப்பிழை ஓரளவு குறையும்.

தேங்காய்ப்பாலுக்கு அந்த வழியும் இல்லை. சோறும் வெள்ளை, பாலும் வெள்ளை. ஒருவருக்கான சோற்றில் 50 மில்லிலிட்டர் கெட்டிப்பால் சேர்ந்திருந்தால் ஏறக்குறைய 100 கலோரி கூடும், படமோ மாறாது. சம்பலில் எண்ணெய் மினுமினுப்பது தெரிகிறது, சரி. எத்தனை கரண்டி? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது.

ஆகவே, செயலிகள் ஒரே எண்ணைக் காட்டாமல், ‘500 முதல் 800 வரை’ என்பதுபோல் காட்டுவதே நேர்மை என்பேன். “அரிசிக்கு எவ்வளவு தேங்காய்ப்பால் ஊற்றினீர்கள், அக்கா?” என்று சமைத்தவரைக் கேட்டால், அந்த இடைவெளியைக் கொஞ்சம் சுருக்கலாம்.