வாத்துக்குச் சாரல் ஆகும், தீவனத்துக்கு ஆகாது

அறுவடை முடிந்த வயல்களில் நாடோடி வாத்து மந்தைகளை விட்டு மேய்ப்பது தமிழ்நாட்டில் பழைய தொழில். சிந்திய நெல், நத்தை, பூச்சி என்று வயலே தீவனம் போட்டுவிடும். இலஞ்சிப் பக்கம் கார் நெல்லோடு சொந்தமாக வாத்து வளர்க்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. நட்ட பயிர் வேர்பிடித்த பிறகே குஞ்சுகளை இறக்கலாம். கதிர் வெளிவந்ததும் ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெல் நமக்கு மிஞ்சாது. அந்த இடைவெளியிலும் மாலையில் கொஞ்சம் தீவனம் வைத்தால்தான் அவை ஒழுங்காகக் கூடு திரும்பும்.

குற்றாலத்தில் சீசன் களைகட்டும் மாதங்களில்தான் ஆபத்து அந்தத் தீவனத்தில் இருக்கிறது. ஈரக்காற்றில் கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் பூசணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும். வாத்து, அதுவும் குஞ்சு, தாங்காது. ஈரல் கெட்டு, இரை எடுக்காமல், தள்ளாடிச் சாகும். மேலே பூசணம் தெரியாவிட்டாலும் கட்டி தட்டிய, முடைநாற்றம் வீசும் மூட்டையை வெயிலில் காயவைத்துப் போடுவது வீண், நஞ்சு காயாது. மூட்டையைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்கி, சில நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே மேல்.

கொட்டகையும் அப்படித்தான். பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும் பறவைக்கு இரவில் காய்ந்த தரை வேண்டும். மேட்டில் கட்டி, உமி பரப்பி, நனைந்ததை மாற்றுங்கள். நாய், கீரி நுழையாத வலை கட்டாயம். காலை ஒன்பது மணிக்கு முன் திறக்க வேண்டாம். பெரும்பாலான முட்டைகளை அதற்குள் இட்டுவிடும், அவசரப்பட்டால் வயற்சேற்றில்தான் தேட வேண்டும்.