"யார் பணமும் தொலையலையே" என்று சொல்பவர்களுக்கு

 

ஒவ்வொரு நவம்பர் 8-ம் தேதியும் என் வட்டத்தில் யாராவது ஒருவர் இதை எழுதிவிடுகிறார்: "2016-ல் யார் பணமும் தொலையலையே? பேங்கில் போட்டார்கள், அப்படியே இருக்கிறது. கொஞ்ச நாள் வரிசையில் நின்றதுதான் கஷ்டம்."

எழுதுகிறவர்கள் எல்லாரும் என்னைப் போல மாதச் சம்பளமோ பென்ஷனோ வாங்குகிறவர்கள். அவர்களுக்குப் பணம் என்றால் பாஸ்புக்கில் இருக்கும் எண். பணத்துக்கு மூன்று வேலை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கைமாறுவது, சேர்த்து வைப்பது, கணக்குப் போடுவது. மூன்றும் சேர்ந்தே கெட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தனித்தனியாகக் கெடும், கெடும்போது அடிபடும் ஆளும் வேறு.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உருக்காலை வேலைக்கு வந்த ஒடிசாக்காரரை எடுத்துக்கொள்வோம். அப்போது நாள் கூலி 350, வாரத்துக்கு ஆறு நாள், 2,100 ரூபாய். அறிவிப்பு வந்தது செவ்வாய் இரவு. சனிக்கிழமை, 12-ம் தேதி, கான்ட்ராக்டர் கூலி கொடுத்தார்: நாலு பழைய 500, ஒரு 100. "இதுதான் இருக்கு, வாங்கினா வாங்கு."

அந்த 500 நோட்டின் மதிப்பு போகவில்லை, பேங்க் அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் டீக்கடை எடுக்காது, மளிகைக்கடை எடுக்காது. கைமாறும் வேலை மட்டும் நின்றுவிட்டது. சரி, மாற்றிக்கொள்ளலாமே? ஒரு நாள் வரிசையில் நின்றால் 350 போச்சு. மதியத்துக்குள் பணம் தீர்ந்துவிட்டது என்று கதவைச் சாத்தினால் மறுநாளும் நிற்க வேண்டும். 700 போச்சு. புரோக்கரோ 500-க்கு 400 கொடுத்தார். நாலு நோட்டுக்கும் சேர்த்து நஷ்டம் 400. இரண்டு நாள் வரிசையைவிட புரோக்கர் மலிவு! அவருக்கு ஒரு நாள் கூலிக்கு மேல் தொலைந்தது. யார் பணமும் தொலையலையா?

அந்த வாரங்களில் கெடாமல் நின்றது கணக்குப் போடும் வேலை மட்டும்தான். பெட்டிக்கடை அக்கா நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி, அரிசி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று ரூபாயில்தான் பற்று வைத்தார். ரூபாய் கையில் இல்லாமலே ரூபாயில் வியாபாரம் நடந்தது. அதுவும் அவருக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரி கடன் கொடுத்தவரைக்கும்தான்.

இதற்கு அரசு உத்தரவுகூடத் தேவையில்லை. 10 ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டேன் என்று நம் பக்கக் கடைகள் எத்தனை வருடம் அடம் பிடித்தன! 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது. கடைக்காரரின் பதில்: "எனக்குச் செல்லும் சார், என்கிட்ட யார் வாங்குவா?" இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை.

இதற்கு நேர் எதிரான கெடுதலை நம் கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் ஈழத்து உறவுகளிடம் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு இலங்கை ரூபாய் சுமார் 200. மே மாதம் சுமார் 360. அங்கே எந்தக் கடையும் நோட்டை மறுக்கவில்லை, கைமாறும் வேலை ஒழுங்காக நடந்தது. ஆனால் ஒரு லட்சம் சேர்த்து வைத்தவரின் 500 டாலர், மூன்று மாதத்துக்குள் 280-க்கும் கீழே வந்துவிட்டது. அதாவது பாஸ்புக்கில் எண் அப்படியே இருந்தது. என் நண்பர்கள் சொல்கிற அதே "அப்படியே"!

மூன்றாவது வேலை சத்தமில்லாமல் கெடும். நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு ரூபாயிலா நடக்கிறது? "எத்தனை பவுன்?" (அந்தக் கேள்வியே கேவலம், அது வேறு பதிவு.) நாளைக் காலைப் பாலுக்கு ரூபாயை அளவாக வைக்கிறோம். ஆனால் ஒரு வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய வாக்குக்கு ரூபாயை நம்புவதில்லை.

இதையும் "கூலி ஏறிவிட்டதே" என்பவர்கள் கவனிக்கட்டும். 2016 நவம்பரில் பவுன் சுமார் 23,000. அந்த ஒடிசாக்காரரின் 350 ரூபாய்க் கூலிக்கு 66 நாள் உழைப்பு. 2025 ஏப்ரலில் பவுன் 70,000-ஐத் தாண்டியது. அதே வேலைக்கு அப்போது 600 தந்தார்கள் என்றால் 117 நாள். அரிசியும் பருப்பும் தங்கம் அளவுக்கு ஏறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் ஊரில் தங்கை கல்யாணத்துக்குச் சேர்ப்பது அரிசியை அல்ல.

இந்த வருடம் நவம்பர் 8-ம் தேதி அந்த வரியை எழுதப் போகிறவர்கள், 2016-ல் கடைசியாக எப்போது வாரக்கூலி வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.