எந்த நாட்டுப் போலீஸ், எந்தத் தேதி வரை?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் அனுப்பும் முதல் மின்னஞ்சலில் "போலீஸ் கிளியரன்ஸ், அட்ரஸ் புரூஃப்" என்று போகிறபோக்கில் ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு நேராக ஜார்ஜ்டவுன் பினாங்கு சாலையில் இருக்கும் மாநிலப் போலீஸ் தலைமையகத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே அந்தச் சான்றிதழ் கிடைக்காது. மலேசியாவில் நன்னடத்தைச் சான்றிதழைப் போலீஸ் தருவதில்லை, வெளியுறவு அமைச்சு தருகிறது. அமைச்சின் e-Konsular தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்துச் சொல்வது போலீஸ், தாளில் கையெழுத்திடுவது புத்ராஜெயா.

பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். வயது முப்பது. இடையில் மூன்று வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது ஆஸ்திரேலியாவில் ஒரு பராமரிப்புப் பணி கைகூடி வந்திருக்கிறது. பினாங்கில் இந்த வகையான ஆட்கள் ஏராளம். சிங்கப்பூரில் சில வருடம் இருக்காத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அவர் முகவரிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "என்னென்ன வேணும், எவ்வளவு நாள் ஆகும்?" என்பது. பதிலும் வழக்கமானதுதான்: "நன்னடத்தைச் சான்றிதழ் எடுங்க, ஒரு மாசம் ஆகும்." பொய் இல்லை. ஆனால் இவருக்கு இந்தப் பதில் பாதிதான்.

கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

"அக்கா, மலேசியா சான்றிதழ் மட்டும் போதுமா, சிங்கப்பூரும் வேணுமா?"

"அங்க எவ்வளவு நாள் இருந்தீங்க தம்பி?"

"மூணு வருஷம்."

"அப்ப ரெண்டும் வேணும். முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

ஆஸ்திரேலியக் குடிநுழைவுத் துறையின் பொதுவான கணக்கு இது: கடந்த பத்து வருடத்தில், பதினாறு வயதுக்குப் பிறகு, மொத்தம் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ். பிரிட்டனும் மருத்துவம், கல்வி போன்ற துறைகளில் வேலைக்குப் போகிறவர்களிடம் பத்து வருடம், பன்னிரண்டு மாதம் என்ற இதே அளவைத்தான் வைத்திருக்கிறது. விட்டுவிட்டு இருந்த மாதங்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஆகவே முகவரிடம் போவதற்கு முன்பு பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்து, எந்த நாட்டில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. முகவரின் பதில் சரியா என்பதை அந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு சான்றிதழ்களும் ஒரே வேகத்தில் வருவதில்லை. மலேசியாவுக்கு ஐசி, பாஸ்போர்ட் நகல்கள், படம், எந்த நாட்டுக்கு எதற்காகப் போகிறோம் என்ற விவரம் ஆகியவற்றோடு விண்ணப்பம் போய்விடும். கட்டணம் சொற்பம், இருபது ரிங்கிட் அளவில். போலீஸ் சரிபார்ப்பு முடிந்து வரச் சாதாரணமாக ஒரு மாதம், சில வேளை அதற்கு மேலும் ஆகிறது. நாள் எண்ணிக்கை விண்ணப்பம் முழுமையான நாளிலிருந்துதான் தொடங்கும். மங்கலான ஐசி நகலுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டால் அந்த வாரங்கள் கணக்கில் வராது.

சிங்கப்பூரில் சான்றிதழை அந்நாட்டுப் போலீஸே தருகிறது. அங்கே இரண்டு முடிச்சுகள். ஒன்று, விரல்ரேகை. ஊரில் இருந்தபடி விண்ணப்பிப்பவர், அதற்குரிய படிவத்தில் பத்து விரலையும் பதித்து, பதித்த அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்ப வேண்டும். ரேகை தெளிவாக விழவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து. இயந்திரத்தோடும் கரைப்பானோடும் வேலை செய்கிற கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். இந்த இளைஞர் இரண்டு படிவம் பதித்து வைத்துக்கொண்டால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். மற்றொன்று, சிங்கப்பூர்க் குடிமகன் அல்லாதவர் இந்தச் சான்றிதழை யார் கேட்கிறார்கள் என்பதற்கு எழுத்து ஆதாரம் காட்ட வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. அந்தக் கடிதமோ விசா கோரிக்கையின் நகலோ பெரும்பாலும் முகவர் வழியாகத்தான் வரும். "சான்றிதழ் கேட்டுக் கடிதம் எப்பக் குடுப்பீங்க?" என்பதுதான் "எவ்வளவு நாள் ஆகும்?" என்பதைவிடப் பயனுள்ள கேள்வி. தாமதம் போலீஸிடம் இருப்பதைவிட அந்தக் கடிதத்துக்காகக் காத்திருப்பதில் அதிகம்.

அதனால் வரிசை இப்படி அமைய வேண்டும்: கடிதம் கைக்கு வந்த அன்றே சிங்கப்பூருக்கான விரல்ரேகை, அதே வாரத்தில் மலேசிய விண்ணப்பம். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று வைத்தால் ஒரு மாத வேலை இரண்டரை மாதமாக நீளும்.

அவசரப்பட்டு முன்கூட்டியே எடுப்பதிலும் சிக்கல் உண்டு. ஆஸ்திரேலியா போலீஸ் சான்றிதழை அது வெளியான நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை ஏற்கிறது. நியூசிலாந்தில் விண்ணப்பிக்கும்போது ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். வேலை உறுதியாகும் முன்பே எடுத்து வைத்தால், விசாவுக்கு உட்காரும்போது காகிதம் பழையதாகியிருக்கும்.

முகவரி ஆதாரம் இதைவிட எளிது என்றுதான் தோன்றும். ஆஸ்திரேலியா கேட்கக்கூடிய எண்பதாம் எண் படிவத்தில் பத்து வருட முகவரிகளைத் தேதியோடு எழுத வேண்டும். இடையில் வெற்றிடம் விடக்கூடாது. நம் இளைஞரின் ஐசியில் இருப்பது பட்டர்வொர்த்தில் உள்ள பெற்றோர் வீடு. அவர் தங்கியிருப்பது சுங்கை டுவாவில் நண்பர்களோடு ஒரு வாடகை அறை. மின்கட்டணம் வீட்டுக்காரர் பெயரில். தன் பெயரில் இருப்பது கைப்பேசிக் கட்டணமும் வங்கிக் கணக்கும்தான், அவையும் பழைய முகவரிக்குப் போகின்றன.

இதற்கு மாற்று உண்டு. முகவரி மாறினால் முப்பது நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதை முதலில் செய்துவிட்டால் ஐசியே ஆதாரமாகிவிடும். வாடகை ஒப்பந்தம் இருந்தால் முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால், 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழி எழுதித் தரலாம். எதை ஏற்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆகவே முகவரிடம் "உறுதிமொழி ஏற்பாங்களா, மூணு மாசத்துக்குள்ள வந்த பில்தான் வேணுமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே முகவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலை வாய்ப்பு முகவர் சட்டத்தின்கீழ் உரிமம் மூன்று வகை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 'ஏ' உரிமம் போதாது, 'பி' அல்லது 'சி' வேண்டும். இருபது ரிங்கிட் சான்றிதழை வாங்கித் தர நூற்றுக்கணக்கில் கேட்கிறவர், அல்லது "பாஸ்போர்ட்டை எங்ககிட்ட வெச்சிட்டுப் போங்க" என்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம். விண்ணப்பத்தை விண்ணப்பதாரரே செய்ய முடியும், நகல் கொடுத்தால் போதும்.

சான்றிதழ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயர். 'ஏ/எல்', 'ஏ/பி' இரண்டு சான்றிதழிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, சிங்கப்பூர் வேலை அட்டையில் தகப்பன் பெயர் விடுபட்டிருந்ததா, பாஸ்போர்ட் எண் இடையில் மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் பழைய பாஸ்போர்ட்டின் நகலையும் சேர்த்து அனுப்பிவிட வேண்டும். விசா அதிகாரி கேள்வி கேட்டு மடல் அனுப்பிய பிறகு திருத்தினால் இன்னும் ஒரு மாதம் கூடும்.